கூப்பிட்டால் வரும் பூனை: கிளிக்கர் பழக்கம், கேள்வி பதில்

அக்கா, கிளிக்கரை அமுக்குனா எங்க பூனை ஓடி வந்துருதுங்க. அப்போ கூப்பிடப் பழகிருச்சுதானுங்களே? (பெருந்துறை)

பாதி சரிங்க. அந்தச் சத்தம் கேட்டால் தீனி உண்டு என்று அதற்குப் புரிந்துவிட்டது. ஆனால் கிளிக்கர் என்கிற, அமுக்கினால் 'டிக்' என்று சத்தம் போடும் அந்தச் சின்னக் கருவியை நீங்கள் பள்ளிக்கூட மணி மாதிரி அடிக்கிறீர்கள். கிளிக் என்பது "இப்போ செஞ்சியே, அதுக்குத்தான் இந்தக் கூலி" என்று சொல்கிற சத்தம். கூப்பிடுவதற்குத் தனியாக ஒரு சொல் வேண்டும்.

இரண்டடி தள்ளி உட்காருங்கள். பூனை தானாக உங்கள் பக்கம் திரும்பும்போது அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். முதல் அடி எடுத்து வைக்கும்போதே கிளிக், உடனே உங்கள் காலடியில் தீனி. உங்களிடம் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டாம், கிளம்பியதற்குத்தான் கூலி. பத்துக்கு எட்டு தடவை வந்தால் தூரத்தைக் கூட்டுங்கள், பிறகு அடுத்த அறையிலிருந்து கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் திரும்பத் திரும்பச் சொல்லாமல் பழைய தூரத்துக்கே போங்கள்.

தீனிக்கு உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழிக்கறி போதும். பட்டாணியில் பாதி அளவுக்குப் பிய்த்துக்கொள்ளுங்கள். குழம்பில் கிடந்த கறி வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு மூன்று நிமிடம் பழக்கினால் போதும்.

வீட்டுலயே தறி ஓடுதுங்க. இந்தச் சத்தம் அது காதுல விழுமாங்க? (சோமனூர்)

தறி நிற்கிற நேரத்தில் பழக்குங்கள். பூனை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். சட்டென்று திரும்பித் தீனியைத் தேடினால் காதில் விழுகிறது, அர்த்தமும் தெரிந்திருக்கிறது. அந்தச் சோதனைக் கிளிக்குக்கும் தீனி கொடுத்துவிட வேண்டும். சத்தத்துக்கு மிரண்டால் கிளிக்கரைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பால்பாயிண்ட் பேனாவை அமுக்குங்கள்.

தீனியத் தலைக்கு மேல காட்டுனா உக்காராம ரெண்டு கால்ல நிக்குது. (கோபி)

கை உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். மூக்குக்கு ஒரு விரல் மேலே வைத்து, இரண்டு காதுக்கும் நடுவே மெதுவாகப் பின்னால் கொண்டு போங்கள். தலை மேலே போகப் போகப் பின்பக்கம் தானாகக் கீழே இறங்கும். பின்னாலேயே நகர்ந்து போகிற பூனையைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் பழக்கலாம். பின்பக்கம் தரையைத் தொடும் அந்த நொடியில் கிளிக். எழுந்த பிறகு அமுக்கினால் எழுந்ததற்குக் கூலி கொடுத்ததாகிவிடும். ஐந்தாறு தடவை சரியாக வந்ததும் வெறும் கையால் அதே சைகை காட்டி, தீனியை மறு கையிலிருந்து கொடுங்கள். "உக்காரு" என்ற சொல் அதற்கப்புறம்தான்.

தீனி போட்டுப் பழக்குனா தோட்டத்துல எலி புடிக்காதுன்னு எங்க அப்புச்சி சொல்றாருங்க. (தாராபுரம்)

வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், பசி மட்டுமே அதற்குக் காரணம் இல்லை. பழக்கும்போது கொடுத்ததை அன்றைய சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கை குடுக்கப் பழக்குறோமுங்க, கை நீட்டுனா நகத்தோட அறையுது. பாப்பா வேற ஆசைப்படுறா. (பல்லடம்)

தீனியை மூடின கைக்குள் வைத்துப் பழக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தொடக்கத்துக்கு அது நல்ல வழி. முகர்ந்து, நக்கிப் பார்த்து, கடைசியில் பாதத்தை வைக்கும், அப்போது கிளிக். ஆனால் அப்படியே தொடர்ந்தால் அது உங்கள் கையிலிருந்து இரையைப் பிடுங்கத் தொடங்கிவிடும். இனி தீனியைப் பின்னால் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். வெறும் உள்ளங்கையைப் பூனையின் நெஞ்சுயரத்துக்குக் கீழே நீட்டுங்கள். மெதுவாகத் தொட்டால் மட்டும் கிளிக். நகம் வந்தால் திட்டாமல் கையை எடுத்துவிடுங்கள். பாதத்தை நீங்களாகப் பிடிக்க வேண்டாம். பாப்பா ஒரு வாரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும்.

நல்லா வந்துட்டிருந்தது, இப்ப பேரைச் சொன்னாலே கட்டிலுக்கடியில போயிருது. (பொள்ளாச்சி)

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். என் பூனைக்குக் காதில் சீழ் வைத்து, ஏழு நாள் சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் பிடித்து மருந்து விட்டேன். நான்காம் நாளிலிருந்து பேரைக் கேட்டாலே ஓட்டம்தான்.

கெட்டுப்போன சொல்லைத் திருத்த நாளாகும், புதுசு பழக்குவது சுலபம். நான் "தங்கோ" என்று மாற்றி, மறுபடி இரண்டடியிலிருந்து தொடங்கினேன். மூன்று வாரத்தில் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் மாடியிலிருந்து இறங்கி வந்தது. மருந்து, குளியல், நகம் வெட்டுதல் எதற்கும் இப்போது கூப்பிடுவதே இல்லை, நானே போய்த் தூக்கி வருகிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. பொழுது சாயும் நேரம் பக்கத்துத் தென்னந்தோப்பில் இருக்கும்போது நாய் குரைத்தால் எத்தனை கோழிக்கறி காட்டினாலும் வருவதில்லை. அதனால் ஐந்து மணிக்கே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன். வேறு வழி கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.