"எல்லா விவசாயிகளும்" என்று எழுதலாமா?

"1876–78 பஞ்சத்தில் நெல்லைச் சீமை விவசாயிகள் எல்லோரும் பட்டினி கிடந்தார்கள் என்று எழுதியிருந்தேன். ஆய்வு வழிகாட்டி 'எல்லோரும்' என்ற சொல்லை அடித்துவிட்டார். 'பலர்' என்று மாற்றினால் போதுமா?"

போதாது. எந்தப் பலர் என்ற கேள்வி அப்படியே நிற்கும். சிக்கல் 'விவசாயி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. தாமிரபரணிக்குத் தென்மேற்குப் பருவமழையாலும் தண்ணீர் வரும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மானாவாரிக்கோ வடகிழக்கு மழைதான் கதி. அது பொய்த்தால் இரண்டு இடத்திலும் அடி ஒன்றுபோல விழாது. ஆற்றுப்பாசன ஊருக்குள்ளேயும் அப்படித்தான். விலை ஏறும்போது விற்க நெல் மிச்சமுள்ள மிராசுதாருக்கு ஆதாயம், காசுக்கூலி வாங்கி அரிசி வாங்குபவருக்குப் பட்டினி.

அப்புறம், உங்கள் சான்று யாருடைய குரல் என்று பாருங்கள். தீர்வைத் தள்ளுபடி மனு என்றால் அதில் பேசுவது பட்டாதாரர், நிலமில்லாத கூலியாள் அல்ல. கையிலிருப்பது கரிசல் ஊர்களின் மனுக்கள் மட்டும் என்றால் இப்படி எழுதுங்கள்: "மழை பொய்த்ததால் தீர்வை கட்ட முடியவில்லை என்று இந்தக் கரிசல் ஊர்களின் பட்டாதாரர்கள் முறையிட்டார்கள்." ஊர்ப்பெயர்களையும் மனுக்களின் எண்ணிக்கையையும் சேருங்கள். பட்டினியைப் பற்றிய வாக்கியத்துக்குத் தனிச் சான்று வேண்டும்.