தொய்வுக்காரர் இருக்கும் வீட்டில் கரப்பானுக்கு என்ன செய்வது?

கேள்வி: அம்மாவுக்குக் கனகாலமாகத் தொய்வு. குசினியில் சின்னக் கரப்பான் பெருகிவிட்டது. மருந்தடிக்கும் கொம்பனிக்காரர், "மணமே வராத மருந்துதான், இரண்டு மணித்தியாலம் வெளியில் நின்றால் போதும்" என்கிறார். சம்மதிக்கலாமா? (கோண்டாவில்)

பதில்: அடிக்க விடவேண்டாம். கரப்பான் தின்று சாகும் ஜெல் மருந்தை வைக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே வாங்கி வையுங்கள். மணம் இல்லை என்பதால் நெஞ்சுக்குப் பாதகம் இல்லை என்றாகாது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற அடிக்கும் மருந்துகள் மணம் குறைந்தாலும் நுண்துளியாக மூச்சில் போனால் சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். அதற்காகக் கரப்பானை அப்படியே விடவும் முடியாது. அதன் எச்சமும் உதிர்ந்த தோலுமே தொய்வைத் தூண்டுபவை.

ஜெல் பசைபோல இருக்கும், ஊசிக் குழாயில் வரும். காற்றில் கலப்பது மிகக் குறைவு. கரப்பான் தின்றால்தான் வேலை செய்யும். வாங்கும்போது லேபலில் செயற்படு பொருளின் பெயரைப் பாருங்கள். பிப்ரோனில், இமிடாகுளோபிரிட், இண்டொக்சாகார்ப் ஆகியவற்றில் ஒன்று இருக்கவேண்டும். பெயரும் பதிவு இலக்கமும் இல்லாத குழாயை எடுக்கவேண்டாம். கூடவே நாலைந்து ஒட்டுப்பொறி அட்டைகளும் வாங்குங்கள்.

முதல் இரவு ஜெல் வைக்காமல் அட்டைகளை மட்டும் வையுங்கள்: குளிர்சாதனப் பெட்டியின் மோட்டர்ப் பக்கம், சிங்குக்குக் கீழே, காஸ் அடுப்புக்குப் பின்னால், அலுமாரி மூலையில். காலையில் எந்த அட்டையில் கூட ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் கூடு. ஜெல்லின் பெரும்பகுதி அந்த இடத்துக்குப் போகவேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் குசினி என்றால் ஏறத்தாழ 11 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு மூன்று துளி வீதம் முப்பது, முப்பத்தைந்து துளி வரும். ஒவ்வொன்றும் பயறளவு, சுமார் 0.1 கிராம். ஆக ஒருமுறைக்கு மூன்றரைக் கிராம்தான். 30 கிராம் குழாய் ஒன்று பலமுறைக்குக் காணும். கடைக்காரர் இரண்டு எடுக்கச் சொன்னால் ஒன்றே போதும் என்று சொல்லுங்கள். அலுமாரிக் கீல், லாச்சியின் பின்புறம், சுவர் வெடிப்பு ஆகிய இடங்களில் சிறு துளிகளாகப் பரப்பி வைக்கவேண்டும். ஒரே இடத்தில் பெரிதாக அப்பினால் காய்ந்து தோல்பிடித்துவிடும், கரப்பான் தொடாது. பிள்ளைகளின் கையும் பூனையின் நாக்கும் எட்டாத இடமாகப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தை வைப்பதற்கு முதல்நாளே துடைத்துவிடுங்கள்.

ஜெல் பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் வீட்டுக்காரரே காரணம். ஒரு கரப்பான் ஓடக் கண்டதும் பழைய ஸ்பிரேயை எடுத்து அடிப்பார்கள். ஸ்பிரே பட்ட இடத்துக்குக் கரப்பான் திரும்பி வராது, ஜெல்லும் தின்னப்படாமல் கிடக்கும். அம்மாவின் நெஞ்சுக்கும் அது கூடாது. இரவில் கழுவாத கோப்பை, திறந்த குப்பை வாளி, சொட்டும் குழாய் இருந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் வேறு சாப்பாடும் தண்ணீரும் கிடைக்கிறது.

வைத்த முதல் சில நாட்களில் பகலிலும் தள்ளாடும் கரப்பான்களைக் காண்பீர்கள். நஞ்சு வேலை செய்கிறது என்று அர்த்தம், பயப்படவேண்டாம். ஒரு கிழமைக்குப்பின் துளிகளைப் பாருங்கள். தின்று முடித்த இடத்தில் மறுபடி வையுங்கள். புதுத்துளி அப்படியே கிடந்து, அட்டையிலும் கரப்பான் குறையாவிட்டால் வேறு செயற்படு பொருள் உள்ள ஜெல்லுக்கு மாறுங்கள். சின்னக் கரப்பானின் ஒரு முட்டைப் பையில் முப்பது நாற்பது குஞ்சு இருக்கும், பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். ஆகவே மாதக் கடைசியிலும் ஒருமுறை வைக்கவேண்டும். அட்டைகள் மூன்று மாதம் இருக்கட்டும்.

போறிக் அமிலத் தூளும் கரப்பான் சோக்கும் மணமில்லாதவைதான், ஆனால் தூள் பறக்கும். இந்த வீட்டுக்கு வேண்டாம். அலுமாரிக்குள் நப்தலீன் உருண்டையும் வேண்டாம், அது ஆவியாகியே வேலை செய்வது. மின்செருகியில் மாட்டும் 'ஒலி' கருவிக்குக் கொடுக்கும் காசு வீண்.

துப்புரவு செய்வது அம்மா அல்லாத ஒருவராக இருக்கவேண்டும். மிளகுத்தூள்போலக் கிடக்கும் எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டினால் அது காற்றில் ஏறும். மூக்கையும் வாயையும் இறுக்கமான முகக்கவசத்தால் மூடி, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். ஜெல் துளிகளைத் தொடாமல் சுற்றித் துடைக்கவேண்டும். கரப்பான் போன பின்னும் அந்த எச்சத்தின் தூசு மாதக்கணக்கில் நிற்கும் என்பதால், ஒருமுறை துடைத்தது போதாது.

குளியலறையில் பெரிய சிவப்புக் கரப்பானும் வருகிறதென்றால் அது வேறு இனம், அநேகமாகக் கழிவுநீர்க் குழியிலிருந்து ஏறுவது. அதற்கு முதலில் வடிகால் வாய்க்கு நுண்வலை போட்டு, குழி மூடியின் வெடிப்பைச் சீமெந்தால் அடையுங்கள்.