750 ஜிஇவி மேடும் சிக்மாவும்: கேள்வி பதில்

கேள்வி: 2015 டிசம்பரில், செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹேட்ரான் மோதுவியில் ஆய்வு செய்யும் அட்லஸ் குழு, ஃபோட்டான் இணைகளின் நிறைப் பரவலில் 750 ஜிஇவி என்ற நிறை அளவின் அருகே எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எழுந்த மேட்டுக்கு 3.6 சிக்மா என்றது. அப்படியானால் புதிய துகள் இருப்பதற்கு 99.98 சதவீத வாய்ப்பு இருந்திருக்க வேண்டுமே?

பதில்: எண் சரி, பொருள் கொண்டதுதான் தலைகீழாகிவிட்டது. புதிய துகள் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், தற்செயலான ஏற்ற இறக்கத்தால் மட்டும் அவ்வளவு பெரிய மேடு எழுவதற்கான வாய்ப்பு சுமார் 6,300-இல் ஒன்று என்பதையே 3.6 சிக்மா சொல்கிறது. அதுவும் 750 ஜிஇவி என்ற இடத்தை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு அங்கே மட்டும் பார்த்தவருக்கே பொருந்தும். அட்லஸ் குழுவோ ஃபோட்டான் இணைகளின் நிறைப் பரவலை 200 முதல் 2,000 ஜிஇவி வரை துழாவியது. மேடு 430-இல் எழுந்திருந்தாலும் 1,200-இல் எழுந்திருந்தாலும் நாம் இதே அளவு வியந்திருப்போம். அந்த வாய்ப்புகளையெல்லாம் சேர்த்தால் அதே மேடு 2.0 சிக்மாவாக, அதாவது ஏறத்தாழ 44-இல் ஒன்றாகச் சுருங்குகிறது. ‘லுக் எல்ஸ்வேர்’ விளைவு என்பது இதுதான். குழு இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிட்டது. செய்திகளில் பெரியது மட்டும் ஓடியது.

கேள்வி: ஆனால் அதே மோதுவியில் தனியாக ஆய்வு செய்யும் சிஎம்எஸ் குழுவும் ஏறத்தாழ அதே இடத்தில் மேட்டைக் கண்டதே? இரண்டாவது குழுவுக்கு இந்தத் தள்ளுபடி தேவையில்லை அல்லவா?

பதில்: பெருமளவு சரி. இடத்தை அட்லஸ் காட்டிவிட்டதாகக் கொண்டால், சிஎம்எஸ் 760 ஜிஇவி அருகே கண்ட 2.6 சிக்மாவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது அன்று பலர் முன்வைத்த வாதம். சிஎம்எஸ் தன்னளவில் கணக்கிட்டபோது அது 1.2 சிக்மாவுக்கும் குறைவு. எது நியாயமான கணக்கு என்பதில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. 2016 ஆகஸ்டில், பல மடங்கு கூடுதல் தரவுடன், இரு குழுக்களின் மேடுகளும் மறைந்தன.

கேள்வி: நான் இயற்பியல் மாணவி அல்ல. என் ஆய்வில் 20 இரத்த அளவீடுகளை ஒப்பிட்டேன். ஒன்றில் மட்டும் பி-மதிப்பு, அதாவது உண்மையில் வேறுபாடு இல்லாதபோதும் அவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாகத் தெரிவதற்கான வாய்ப்பு, 0.03. அதை எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் 20 அளவீடுகளைப் பார்த்ததையும் சேர்த்து எழுத வேண்டும். அவை ஒன்றையொன்று சாராதவை என்றால், எந்த வேறுபாடும் இல்லாதபோதும் குறைந்தது ஒன்றிலாவது 0.03 அல்லது அதற்கும் குறைவான மதிப்பு கிடைக்க 46 சதவீத வாய்ப்பு உண்டு. இரத்த அளவீடுகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், உங்கள் எண் இதிலிருந்து மாறும்.

கேள்வி: 5 சிக்மா தாண்டினால் சந்தேகமே வேண்டாம், சரிதானே?

பதில்: இல்லை. 35 லட்சத்தில் ஒன்று என்ற அந்த வரம்பு, கணக்கில் வராத தேடல்களுக்கும் இடம் விட்டு வைக்கப்பட்ட மரபு. கருவிப் பிழையை அது தடுக்காது. 2011-இல் ஓபெரா ஆய்வுக் குழு நியூட்ரினோக்கள் எனும் துகள்கள் ஒளியை 60 நானோநொடி முந்தியதாக 6 சிக்மாவுடன் அறிவித்தது. சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை வடமே முக்கியக் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. அங்கே தேடிய இடம் ஒன்றே ஒன்று என்பதால், ‘லுக் எல்ஸ்வேர்’ திருத்தத்துக்கு வேலையே இல்லை.