எக்சிட் இன்டர்வியூவில் எதைச் சொல்வது?

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடமாக இருக்கிறேன். பேப்பர் போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை எச்.ஆர். எக்சிட் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேனேஜர் மேல் ஏகப்பட்ட வருத்தம். போகப்போகிறவனுக்கு என்ன பயம், எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா?

ஒரு வாசகர், துரைப்பாக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

வியாழக்கிழமை உங்கள் கையில் ரிலீவிங் லெட்டர் இருக்காது, கணக்கும் முடிந்திருக்காது. புதிய கம்பெனி உங்களைப் பற்றி விசாரிக்கும்போது பதில் சொல்லப்போவதும் இதே எச்.ஆர்.தான். இவரை மறுபடி வேலைக்கு எடுக்கலாமா என்று பல கம்பெனிகளில் குறித்து வைப்பார்கள். அதில் மேனேஜரையும் கேட்பதுண்டு.

"இது நமக்குள்ளேயே இருக்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் எதிரில் இருப்பவர் லேப்டாப்பில் தட்டுவார். அவர் பொய் சொல்கிறார் என்பதில்லை. பெயரை எடுத்துவிட்டுத்தான் மேலே அனுப்புவார். ஆனால் ஏழு பேர் டீமில் இந்த மாதம் போனது நீங்கள் ஒருவர்தான் என்றால், பெயர் இருந்தால் என்ன, எடுத்தால் என்ன?

அதனால் மேனேஜரின் குணத்தைப் பேசாதீர்கள், நடந்ததைப் பேசுங்கள். "அவர் ஓரவஞ்சனை பார்க்கிறார்" என்றால் உங்களுக்கும் அவருக்கும் ஆகவில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஆன்-கால் பட்டியல் வெள்ளி மாலைதான் வரும். மூன்று மாதத்தில் ஐந்து வார இறுதி எனக்கு விழுந்தது. காம்ப்-ஆஃப் கேட்டு இரண்டு மெயில் போட்டேன், பதில் இல்லை. பட்டியல் பத்து நாள் முன்னால் வந்திருந்தால் சமாளித்திருப்பேன்." இதில் யாரையும் திட்டவில்லை. பட்டியலும் மெயிலும் அவர்களிடமே இருப்பதால் சரிபார்த்துக்கொள்ளலாம். இப்படி இரண்டு விஷயம் போதும். பத்து சொன்னால் எதுவும் பதியாது.

விலகும் காரணம் ராஜினாமா மெயிலில் எழுதியதோடு ஒத்துப்போகட்டும். அங்கே 'குடும்பச் சூழ்நிலை', இங்கே 'மேனேஜர்' என்றால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். புதிய கம்பெனியின் பெயர், சம்பளம் இரண்டையும் கேட்பார்கள். "சேர்ந்த பிறகு சொல்கிறேனே" என்று சிரித்துவிட்டு நகருங்கள். டீமில் இன்னும் யார் யார் வேலை தேடுகிறார்கள் என்பதை வாய்தவறியும் சொல்லாதீர்கள். அது அவர்கள் பிழைப்பு.

உங்கள் வருத்தம் வேறு வகையானது என்றால், அதாவது ஒரு பெண் ஊழியருக்குப் பாலியல் தொல்லை நடந்திருந்தால், அதற்கு இந்தப் பேட்டி இடமல்ல. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். பேட்டியில் வாய்மொழியாகச் சொன்னது அந்தப் புகார் ஆகாது.

கிளம்பும்போது கணக்கு எந்தத் தேதியில் முடியும், ரிலீவிங் லெட்டர் எப்போது வரும் என்று கேளுங்கள். அன்றைக்கே அதை ஒரு மெயிலாகவும் போட்டுவிடுங்கள், உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகலோடு. வெள்ளி சாயங்காலம் லாகின் போய்விடும், அதற்குள் சம்பளச் சீட்டுகளையும் முந்தைய வருடங்களின் படிவம் 16-ஐயும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.