கிண்ண பேசினுக்குக் குழாய் சுவரிலா, கவுண்டரிலா?

கேள்வி: டர்பனில் வீட்டுக் குளியலறையை மாற்றிக் கட்டுகிறோம். கவுண்டர் மேல் 400 மி.மீ. வட்டக் கிண்ண பேசின் வைக்கிறோம். பழைய பேசினில் தண்ணீர் சட்டையில் தெறிக்கும், கை கழுவினால் விரல் முட்டி பின்சுவரில் இடிக்கும். குழாயைச் சுவரில் வைப்பதா, கவுண்டரிலா?

பதில்: உங்கள் கிண்ணத்துக்குச் சுவர்க் குழாய்தான் பொருந்தும். கணக்கைப் பாருங்கள்.

கவுண்டர் குழாய் என்றால், அதன் மையத்துக்கும் கிண்ணத்தின் விளிம்புக்கும் நடுவே குறைந்தது 40 மி.மீ. விட வேண்டும். இல்லாவிட்டால் துடைக்கத் துணிகூட நுழையாது. கடையில் கிடைக்கும் உயரக் குழாய்களில் பலவற்றுக்கு மூக்கு நீளம் 150 மி.மீ. அளவுதான். அதில் 40 போனால் தண்ணீர் விளிம்பிலிருந்து 110 மி.மீ. உள்ளே விழும். கிண்ணத்தின் மையமோ 200-இல் இருக்கிறது. தண்ணீர் அடித்தட்டில் விழாமல் பின்பக்கச் சரிவில் மோதி, உங்கள் பக்கம் திரும்பி எகிறும். சட்டை நனைவதும் முட்டி இடிப்பதும் இந்த ஒரே குறையால்தான்.

சுவர்க் குழாய்க்குக் கிண்ணத்தைச் சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளி வைத்தால் போதும். மூக்கு 220 மி.மீ. எடுங்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து 170 உள்ளே, வேஸ்ட் ஓட்டைக்குச் சற்றுப் பின்னால் விழும். 220 என்பது டைல் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. வெறும் செங்கல்லிலிருந்து அளந்தால், டைலும் பசையுமாக 15 மி.மீ. போல மூக்கைத் தின்றுவிடும்.

உயரம், தண்ணீர் வரும் வாய்க்கும் கிண்ண விளிம்புக்கும் நடுவே 120 மி.மீ. இருக்கட்டும். 100-க்குக் கீழே போனால் கை நுழையாது. 150-ஐத் தாண்டினால் தண்ணீர் வேகமெடுத்துத் தெறிக்கும். கவுண்டர் தரையிலிருந்து 740, கிண்ணம் 130 என்றால் வாய் 990-இல் வரும். மூக்கு கீழ்நோக்கி 20 மி.மீ. வளைந்திருந்தால் சுவரில் குழாயின் மையத்தை 1010-இல் குறியுங்கள். அதனால் கிண்ணத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் சுவரை வெட்ட வேண்டும். படத்தைப் பார்த்து வெட்டிய சுவரைப் பிறகு நகர்த்த முடியாது.

சுவருக்குள் போகும் குழாயின் உடம்பில், எவ்வளவு ஆழம் புதைக்கலாம் என்று இரண்டு கோடு போட்டிருப்பார்கள். டைலின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவே வர வேண்டும். ஆழமாகப் புதைத்துவிட்டால் கைப்பிடி எட்டாது, மூடித்தட்டும் சுவரில் ஒட்டாது. உள்சுவர் 110 மி.மீ. அரைச்செங்கல்லாக இருந்தால் அவ்வளவு வெட்டலாமா என்று கட்டுபவரிடம் முன்பே கேளுங்கள். டைல் ஒட்டுமுன் வாயை அடைத்துத் தண்ணீரைத் திறந்து விட்டு, ஒரு இரவு கசிவு பார்க்கச் சொல்லுங்கள். கவுண்டர் குழாய் கசிந்தால் அடியில் குனிந்து சரிசெய்யலாம், இதற்கு டைலை உடைக்க வேண்டும். தனியாக அடைக்கும் வால்வுகளைக் கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பல பிளம்பர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தெறித்தால், அந்த வால்வைக் கொஞ்சம் திருகிக் குறைத்துப் பாருங்கள். தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் நுனிச் சல்லடையில் மண் அடைத்திருக்கிறது. கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.