ரியாலிட்டி ஷோ: போட்டி எது, ஜோடித்த சண்டை எது?

"பாட்டுப் போட்டி, பிக் பாஸ் மாதிரி நிகழ்ச்சிகளில் ஜோடித்த சண்டையில் சிக்காமல் நல்லதை எப்படித் தேர்ந்தெடுப்பது?"

நடந்ததை வெட்டி ஒட்டி, நடக்காத மோதலாகக் காட்டுவதுதான் ஜோடிப்பு. பிக் பாஸ் வீட்டில் 24 மணி நேரமும் கேமரா ஓடுகிறது. டிவியில் வருவது ஒரு மணி நேரம் சொச்சம். விளம்பர இடைவேளை தாண்டியும் நம்மை உட்கார வைப்பது எதுவோ, அதுவே மிஞ்சும். கல்யாண வீடியோவில் அழுத நிமிடங்களை மட்டும் சேர்த்தால் இழவு வீடாகத் தெரியும், இல்லையா?

சரி, ஒரு எபிசோடைப் பாருங்கள். பாட்டு முழுதாக ஓடி, நடுவர் சுருதி, தாளம் பற்றிப் பேசினால் தாராளமாகப் பார்க்கலாம். பல்லவி முடிவதற்குள் அம்மாவின் கண்ணீரும் சோக வயலினும் வந்தால் சேனலை மாற்றுங்கள். பேசுபவரின் முகம் காட்டாமல் குரல் மட்டும் வந்தால், அது வேறு நேரத்தில் பேசியதாக இருக்கலாம்.

எல்லாமே எழுதிக்கொடுத்த நடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அழுகை நிஜமாகவே இருக்கலாம், அது வரும் இடம்தான் மாறியிருக்கும்.