காகிதப் பட்டையில் அரையும் காலும்: சில கேள்விகள்

ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சமபங்கு சொல்லிக்கொடுக்கக் காகிதப் பட்டையை மடிக்கச் சொல்லி எழுதியிருந்தேன். செய்து பார்த்தவர்களிடமிருந்து கேள்விகள் வந்தன. பலரும் ஒரே சங்கடத்தை வேறு வேறு விதமாகச் சொல்லியிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார்ட் பேப்பரில் பட்டை வெட்டிக் கொடுத்தேன். பாதிப் பிள்ளைகளால் மடிக்கவே முடியவில்லை. எந்தப் பேப்பர் நல்லது? (ஒன்றாம் வகுப்பு ஆசிரியை)

சார்ட் பேப்பர் முதல் மடிப்புக்கு ஒத்துழைக்கும். இரண்டாம் மடிப்பில் நான்கு அடுக்கு சேர்ந்துவிடுவதால் பிள்ளை அழுத்திக் கையை எடுத்ததும் எழும்பி நிற்கும். செய்தித்தாள் துவண்டுவிடும், அச்சுக்கு நடுவே மடிப்புக் கோடும் தெரியாது. ரூல் போட்ட நோட்டுத் தாள் வேண்டவே வேண்டாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் வரிகளை எண்ணி மடித்துவிடுவார்கள், மடிப்பு சொல்லித்தர வேண்டியதை வரி சொல்லிவிடும்.

நான் எடுப்பது சாதாரண ஜெராக்ஸ் பேப்பர். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., நீளம் 29.7 செ.மீ. முதலில் நீளத்தை 24 செ.மீ. ஆகக் குறைத்துவிடுங்கள். அப்புறம் அகலத்தில் 3 செ.மீ. வீதம் வெட்டினால் ஒரு தாளில் ஏழு பட்டை. 24 எதற்கென்றால், அரை 12, கால் 6, அரைக்கால் 3 என்று முழு எண்ணாகவே வரும், நீங்கள் சரிபார்க்க வசதி. பிள்ளைகள் கையில் ஸ்கேல் கொடுக்காதீர்கள். முப்பது பேருக்கு ஆளுக்கு நான்கு பட்டை என்றால் 18 தாள் போதும். வெட்டி மிஞ்சும் 5.7 செ.மீ. துண்டைத் தூக்கிப் போட வேண்டாம், பின்னால் வேலை இருக்கிறது.

பட்டையின் இரு முனையும் நேராக இருக்க வேண்டும். முனை சாய்ந்திருந்தால் யார் மடித்தாலும் ஓரம் சேராது, பிள்ளை தன் கைதான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். அதனால் வெட்டுவதை நீங்களே செய்துவிடுங்கள்.

என் மகன் நான்காக மடித்தால் எப்போதும் ஒரு பங்கு மட்டும் சின்னதாக வருகிறது. மற்ற மூன்றும் சரியாகவே இருக்கின்றன. எப்படித் திருத்துவது? (ஓர் அம்மா)

மற்ற மூன்றும் சரி என்றீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. அவன் இரண்டாம் மடிப்பில் தப்பு செய்யவில்லை, முதல் மடிப்பிலேயே செய்துவிட்டான்.

24 செ.மீ. பட்டையை முதலில் 12.5, 11.5 என்று மடித்துவிட்டான் என்று வையுங்கள். ஓரத்தில் ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து, நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மடிப்போடு அழகாகச் சேர்த்து மடிக்கிறான். நீளமான பாதி 6.25, 6.25 என்று சரியாகப் பிரிந்துவிடும். அடியில் இருக்கும் குட்டைப் பாதியிலும் நடுக்கோட்டிலிருந்து 6.25-இல்தான் கோடு விழும், கடைசியில் மிஞ்சுவது 5.25. விரித்தால் மூன்று பங்கு ஒன்றுபோல, ஒரு முனைப் பங்கு மட்டும் சரியாக ஒரு செ.மீ. குறைவு. நீளமான முனைக்குப் பதில் குட்டை முனையைச் சேர்த்திருந்தால் மூன்று பங்கு 5.75 ஆகவும் ஒரு முனைப் பங்கு 6.75 ஆகவும் வந்திருக்கும்.

முதல் மடிப்பு சரியாக இருந்து இரண்டாவது தப்பினால் படம் வேறு. நடுவில் இருக்கும் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், முனையில் இருக்கும் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் நடுவும் முனையும் ஒத்துப்போகாது. 6.5, 6.5 நடுவில் என்றால் முனைகளில் 5.5, 5.5. விரித்த பட்டையை ஒரு பார்வை பார்த்தாலே எந்த மடிப்பில் நின்று உதவ வேண்டும் என்று தெரிந்துவிடும். இது பிடிபட்ட பிறகு, வகுப்பில் பட்டைகளைத் திருத்தும் நேரம் எனக்குப் பாதியாகக் குறைந்தது. (சமமான பாதியா என்று கேட்காதீர்கள்.)

கை வேலையைப் பொறுத்தவரை, பெரும்பாலான பிள்ளைகள் முதலில் நடுவை அழுத்திவிட்டு அப்புறம்தான் முனைகளைப் பார்க்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள். பட்டையை மேசையில் வைத்து, முனையைத் தூக்கி மறு முனை மேல் வைத்து, அங்கே ஒரு கையின் இரண்டு விரலால் பிடிக்கட்டும். பிடித்த கையை விடாமல் மறு கை விரலை முனையிலிருந்து மடிப்பு நோக்கி இழுத்துக்கொண்டு போய் அழுத்தட்டும். கடைசியில் நகத்தால் ஒரு தேய்ப்பு. நான் வகுப்பில் சொல்வது "முனை பிடி, இழு, தேய்". வேறு விளக்கம் கொடுப்பதில்லை.

"டீச்சர், எனக்குப் பெரிய பாதி" என்கிறார்கள். பாதி என்றால் சமம் என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை.

ஏறாது, ஏனென்றால் வீட்டில் நாமே அப்படித்தான் பேசுகிறோம். வாழைப்பழத்தைப் பிய்த்து "பெரிய பாதி தம்பிக்கு" என்று கொடுக்கிறோம். அந்தப் பிள்ளைக்குப் பாதி என்றால் இரண்டு துண்டில் ஒரு துண்டு, அவ்வளவுதான். பேச்சைத் திருத்தப் போக வேண்டாம். சரிபார்க்கும் வேலையைக் கையில் கொடுங்கள்.

இரண்டு பட்டை எடுத்துக்கொள்வேன். ஒன்றை நடுவில் மடிப்பேன், இன்னொன்றை வேண்டுமென்றே 14, 10 என்று தள்ளி மடிப்பேன். இரண்டையும் விரித்து, மடிப்புக் கோட்டில் கத்தரித்து, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் கீழ் மாற்றியும் பார்க்கச் சொல்வேன். முதல் ஜோடியில் கீழ்த் துண்டு மறைந்துவிடும். இரண்டாவதில் சின்னது மேலே இருக்கும்போது நான்கு செ.மீ. எட்டிப் பார்க்கும். "கீழே இருப்பது தெரியவில்லை என்றால் அரை, தெரிந்தால் வெறும் துண்டு" என்று பிள்ளைகள் வாயிலிருந்தே வரும்வரை நான்கைந்து பட்டை போனாலும் பரவாயில்லை. ‘அரை’ என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் கொண்டுவருவேன். வீட்டில் பாதி என்ற சொல் தளர்வாகவே இருக்கட்டும், அரை கணக்குச் சொல்லாக இறுக்கமாக நிற்கும்.

இதே பாடத்தில் அந்த 5.7 செ.மீ. துண்டையும் எடுங்கள். அதிலிருந்து 3 செ.மீ. அகலக் குட்டிப் பட்டைகள் வெட்டிக்கொண்டு, ஒரு பிள்ளையிடம் குட்டிப் பட்டையின் அரையையும் இன்னொரு பிள்ளையிடம் பெரிய பட்டையின் காலையும் கொடுத்து, யாரிடம் அதிகம் என்று கேளுங்கள். பெரிய பட்டையின் கால் 6 செ.மீ., குட்டிப் பட்டை முழுசாகவே அவ்வளவு இல்லை. ‘எதில் அரை?’ என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

ஒரு முறை மடித்தால் 2, இரண்டு முறை மடித்தால் 4. மூன்று முறை மடித்தால் எத்தனை என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் 6 என்கிறது.

நல்ல தப்பு அது. 2, 4 வரை பார்த்தவர்கள் 6 என்றுதான் சொல்ல வேண்டும், வாய்ப்பாடும் அப்படித்தானே போகிறது. திருத்தாமல் 6 என்று பலகையில் எழுதிவிட்டு, மடித்து விரிக்கச் சொல்லுங்கள். எட்டு வரும்போது ஏற்படும் அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எண்ணும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. சிலர் பங்குகளுக்குப் பதில் கோடுகளை எண்ணுவார்கள். நான்கு பங்குக்கு மூன்று கோடுதான், எட்டுக்கு ஏழு. ‘மூன்று’ என்றோ ‘ஏழு’ என்றோ பதில் வந்தால் அந்தப் பிள்ளைக்கு மடிப்பு புரியாமல் இல்லை, எதை எண்ணுவது என்பதுதான் புரியவில்லை. ஒவ்வொரு பங்கிலும் ஒரு புளியங்கொட்டை வைத்து, கொட்டையை எண்ணச் சொன்னால் தீர்ந்தது.

ஒரு பிள்ளை பட்டையைக் குறுக்கே மடிக்காமல் நீளவாக்கில் மடித்துவிட்டு அதுவும் அரைதான் என்று சாதித்தாள். நான் தப்பு என்று சொல்லிவிட்டேன். சரியா?

அவள் சொன்னதுதான் சரி. அடுத்த வகுப்பில் அவளிடமே சொல்லிவிடுங்கள், அது அவளுக்கு நினைவிருக்கும்.

ஆனால் மற்றப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஒன்று 12 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். இன்னொன்று 24 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலம். ஆறு வயதுக் கண்ணுக்கு நீளமானதுதான் அதிகம். ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் ஒத்துப்போகாது, நாம் இதுவரை சொல்லிக்கொடுத்த சோதனையே தோற்றுவிடும். அப்போது அந்த ஒல்லித் துண்டை நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் ஒட்டினாற்போல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 12-க்கு 3 ஆகிவிடும், மற்றதன் மேல் கச்சிதமாக உட்காரும். எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். "வெட்டினதால சமமாச்சு" என்று ஒருவராவது சொல்வார்கள். வெட்டினால் காகிதம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்பது சில பிள்ளைகளுக்கு ஏழு எட்டு வயதில்தான் உறைக்கிறது. அங்கே வாதம் வேண்டாம்.

1/2, 1/4 என்று எப்போது எழுதச் சொல்லலாம்?

இந்த வயதில் நான் எழுதச் சொல்வதில்லை. நான்கு இரண்டைவிடப் பெரியது, ஆகவே 1/4 பெரியது என்று போய்விடுவார்கள். தமிழில் நமக்கு ஒரு வசதி, ‘கால்’ என்ற சொல்லுக்குள் நான்கு என்ற எண் தெரிவதில்லை. அரை, கால், முக்கால் என்று பட்டையின் மேலேயே எழுதட்டும். எட்டாய் மடித்ததில் ஒன்றுக்கு அரைக்கால். காலில் அரை என்று மடிப்பே அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறது. அரைக்கு இடையின ர, ‘அறை’ என்று எழுதினால் வகுப்பறை ஆகிவிடும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று சமபங்கு மடிக்கச் சொல்லலாமா?

அரை, கால், அரைக்கால் மூன்றும் நன்றாகப் பழகிய பிறகு, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போனால் மூன்று வரவே வராது. அதனால் பிள்ளைகள் பட்டையை இரண்டாக மடித்து, ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி மடித்து, "மூணு வந்திருச்சு" என்பார்கள். 12, 6, 6. அடுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரியாக வர, மடிப்பை அழுத்தாமல் பட்டையை விசிறிபோல முன்னும் பின்னுமாக வளைத்துப் பிடிக்க வேண்டும். மூன்று அடுக்கும் ஒரே நீளத்துக்கு வரும்வரை விரலால் நகர்த்திவிட்டு, அப்புறம்தான் தேய்க்க வேண்டும். ஒரு பங்கு 8 செ.மீ. வரும். முதல் தடவையிலேயே எட்டுக்குக் கிட்டத்தில் வந்தவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். எனக்கே சில நாள் 8.3 வருகிறது.